பிரமாணப் பத்திரத்தில் பத்திக்கு எண் எதற்கு?

சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்: "உங்கள் பிரமாணப் பத்திரத்தின் 5-ஆம் பத்தியைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?"

ஆம் அல்லது இல்லை என்று இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் பத்தி ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. "பாதி தெரியும், பாதி பக்கத்து வீட்டார் சொன்னது" என்று இழுக்க நேர்ந்தால், தவறு சாட்சியுடையது அல்ல. எழுதிக் கொடுத்தவருடையது. பல ஆண்டுகளாக வழக்குரைஞர் அலுவலகத்தில் பிரமாணப் பத்திரங்களுக்கு வரைவு எழுதி வருகிறேன். உண்மை பேச வந்த மனிதர்கள் ஒரு பத்தியின் குழப்பத்தால் பொய்யர்களைப் போலத் திணறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதன்முறையாகப் பிரமாணப் பத்திரம் எழுதப் போகிறவர்களும், தங்கள் பெயரில் எழுதப்பட்டதில் கையெழுத்திடப் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிரமாணப் பத்திரம் என்பது, "இது உண்மை" என்று சத்தியம் செய்து எழுத்தில் தரும் வாக்குமூலம். நீதிமன்றங்களில் இதைப் பிரமாண வாக்குமூலம் என்றும் சொல்வார்கள். இலங்கையில் இதன் பெயர் சத்தியக்கடதாசி. வாயால் சாட்சி சொல்லும்போது கேள்வி ஒவ்வொன்றாக வரும், பதிலும் ஒவ்வொன்றாக வரும். எழுத்தில் கேள்வி கிடையாது. அந்தக் கேள்விகளின் இடத்தில்தான் எண்கள் நிற்கின்றன. ஒவ்வொரு எண்ணும், யாரோ கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லும் ஒரு பதில்.

எண்ணைப் பிடித்துக்கொள்பவர்கள்

எண் முதலில் உதவுவது எதிர்த்தரப்புக்கு. அவர்கள் தாக்கல் செய்யும் எதிர் பிரமாணப் பத்திரத்தில் "பத்தி 2, 3 ஏற்கப்படுகின்றன. பத்தி 4 மறுக்கப்படுகிறது. பத்தி 8-இல் கண்டது எனக்குத் தெரியாது, மனுதாரரே மெய்ப்பிக்க வேண்டும்" என்று எழுதுவார்கள். இந்த மூன்று வாக்கியங்களைப் படித்ததுமே, எது தகராறில் இருக்கிறது, எது இல்லை என்பது நீதிபதிக்குத் தெரிந்துவிடும். பத்தி 4-க்குள் மூன்று சங்கதிகள் கிடந்தால், "மறுக்கப்படுகிறது" என்ற ஒரு சொல் மூன்றின் மேலும் விழும். அவர்கள் மனமார ஒப்புக்கொண்டிருக்கக்கூடிய சங்கதியும் அந்த மறுப்புக்குள் மறைந்துகொள்ளும்.

இதற்காகத்தான் இந்தியாவின் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், வாதி தரும் பிராது, பிரதிவாதி தரும் எதிருரை போன்ற வாதுரைகளைத் தொடர் எண்ணிட்ட பத்திகளாகப் பிரிக்கச் சொல்கிறது. வசதிப்படும் அளவுக்கு ஒவ்வொரு சங்கதியும் தனிப் பத்தியில் இருக்க வேண்டும் என்பது அதன் 6-ஆம் கட்டளையின் 2-ஆம் விதி. இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை வழிகாட்டுதலும் சாட்சி வாக்குமூலத்தின் பத்திகளுக்கு எண்ணிடச் சொல்கிறது, ஒவ்வொரு பத்தியையும் இயன்றவரை பொருளின் ஒரு தனிப் பகுதிக்குள் நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளிலும் வாதுரைகளுக்கு இதே கருத்தில் விதி உண்டு.

ஆனால் பிரமாணப் பத்திரத்துக்கு மட்டுமே உரிய இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுவே முதன்மையானது. சத்தியம் எல்லா வரிகளிலும் ஒரே எடையில் உட்காருவதில்லை. நான் கண்ணால் கண்டது ஒன்று, பிறர் சொல்லிக் கேட்டது ஒன்று, ஆவணத்தைப் பார்த்து அறிந்தது ஒன்று, இவற்றையெல்லாம் வைத்து நான் நம்புவது ஒன்று. நான்கையும் "உண்மை" என்ற ஒரே சொல்லால் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே பத்திரத்தின் முடிவில் உறுதிமொழிப் பகுதி வருகிறது: "பத்தி 1 முதல் 6 வரை என் நேரடி அறிவின்படி உண்மை, பத்தி 8 இன்னார் சொல்லி நான் அறிந்தது, அதை உண்மை என நம்புகிறேன்." சத்தியத்தைச் சங்கதியோடு கட்டும் கயிறு அந்தப் பத்தி எண். எண் இல்லாவிட்டால் இப்படிப் பிரித்துச் சத்தியம் செய்ய வழியே இல்லை.

அதே சட்டத்தின் 19-ஆம் கட்டளையின் 3-ஆம் விதி, பிரமாணம் செய்பவர் தம் சொந்த அறிவால் மெய்ப்பிக்கக்கூடிய சங்கதிகளை மட்டுமே எழுதலாம் என்கிறது. இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையையும் எழுதலாம், ஆனால் நம்புவதற்கான அடிப்படையைச் சொல்லியாக வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் பம்பாய் மாநிலம் எதிர் புருஷோத்தம் ஜோக் நாயக் என்ற 1952-ஆம் ஆண்டு வழக்கில், இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாத இடங்களிலும் உறுதிமொழிப் பகுதி இந்த விதியின் போக்கிலேயே அமைய வேண்டும் என்றது. நேரடி அறிவு இல்லாத சங்கதி என்றால் அது எங்கிருந்து கிடைத்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

ஒரு பத்திக்குள் கண்டதும் கேட்டதும் கலந்திருந்தால் என்ன ஆகும்? அந்தப் பத்தியை உறுதிமொழியின் எந்தப் பிரிவில் சேர்ப்பது? "நேரடி அறிவு" என்று சேர்த்தால் கேட்ட பாதிக்கு அது பொய்ச் சத்தியம். "கேள்வி அறிவு" என்று சேர்த்தால் கண்ட பாதியின் வலு போய்விடும். ஆக, ஒரு பத்தி தனித்து நிற்கிறதா என்று பார்ப்பதற்கு முதல் அளவுகோல் நீளம் அல்ல. அதிலுள்ள அத்தனையும் ஒரே ஊற்றிலிருந்து வந்ததா என்பதுதான்.

தமிழ் வாக்கியம் விரிக்கும் வலை

தமிழில் எழுதும்போது நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் மொழியில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். வந்து, கண்டு, கேட்டு, அறிந்து என்று எத்தனை செயல்களை வேண்டுமானாலும் அடுக்கி, கடைசியில் ஒரே ஒரு வினைமுற்றில் முடிக்கலாம். கதைக்கு அது அழகு. பிரமாணத்துக்கு அது ஆபத்து. ஒரு வரைவைப் பாருங்கள்.

ஒரு பெண்ணுக்கு எதிராக, அவர் இல்லாமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அழைப்பாணை தனக்கு வரவே இல்லை, தீர்ப்பை நீக்கி வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று மனுப் போடுகிறார். மனுவுக்குத் துணையான பிரமாணப் பத்திரத்துக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதிய முதல் வடிவம் இது:

"நான் வீடு மாறிவிட்டதால் பழைய வீட்டுக்கு வந்த அழைப்பாணையை அதன் உரிமையாளர் வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் கொடுக்க மறந்துவிட, அதனால் வழக்கு நடப்பதே எனக்குத் தெரியாமல் இருக்க, வாதி வேண்டுமென்றே பழைய முகவரியைக் கொடுத்து மோசடியாகத் தீர்ப்புப் பெற்று, அமீனா வந்தபோதுதான் அனைத்தையும் அறிந்து மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்."

படிக்கும்போது மனம் இரங்குகிறது. ஆனால் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வினையின் கீழும் கோடு போட்டுப் பாருங்கள். மாறிவிட்டது, வந்தது, வாங்கியது, வைத்துக்கொண்டது, மறந்தது, தெரியாமல் இருந்தது, முகவரி கொடுத்தது, தீர்ப்புப் பெற்றது, அமீனா வந்தது, அறிந்தது, மன உளைச்சல். பதினோரு வினைகள், ஒரே வினைமுற்று: "ஆளானேன்". எதிர்த்தரப்பு "இது மறுக்கப்படுகிறது" என்று எழுதினால் எதை மறுக்கிறார்கள்? மன உளைச்சலையா, வீடு மாறியதையா? தெரியாது. தேதி ஒன்றுகூட இல்லை. உரிமையாளர் மறந்தது அவர் மனதுக்குள் நடந்தது, வாதியின் "வேண்டுமென்றே" வாதியின் மனதுக்குள் இருப்பது. இரண்டையும் இந்தப் பெண் தாமே கண்டதுபோலச் சத்தியம் செய்கிறார்.

எச்சங்களுக்கு அடுத்த இடர், எழுவாயை விட்டுவிடும் நம் வழக்கம். "கேட்டபோது மறுத்துவிட்டார்" என்றால் கேட்டது யார், மறுத்தது யார் என்று பேச்சில் புரிந்துகொள்கிறோம். பத்திரத்தில் அது ஓட்டை. மூன்றாவது, "தெரிய வருகிறது", "சொல்லப்பட்டது" போன்ற செயப்பாட்டு வடிவங்கள். சட்டத் தமிழில் இவை கம்பீரமாகத் தோன்றும். ஆனால் யார் சொன்னார், எப்படித் தெரிய வந்தது என்ற, விதி கேட்கும் அதே விஷயத்தை இவை விழுங்கிவிடுகின்றன. ஒரு வரைவில் "தெரிய வருகிறது" என்று வரும் இடமெல்லாம் நான் வட்டமிடுவேன். அங்கே ஒரு மனிதரோ ஓர் ஆவணமோ ஒளிந்திருப்பது நிச்சயம்.

சீட்டில் எழுதி அடுக்குவது

இதைப் பிரிக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி காகிதச் சீட்டுகள்தாம். கணினியில் எழுதினாலும் முதல் சுற்றைச் சீட்டில்தான் செய்கிறேன். ஒரு சீட்டில் ஒரே ஒரு வாக்கியம், அதில் ஒரே ஒரு வினைமுற்று. சீட்டின் வலது மூலையில் ஓர் எழுத்து: கண்டது என்றால் "க", கேட்டது என்றால் "கே", ஆவணத்தில் பார்த்தது என்றால் "ஆ", நம்புவது என்றால் "ந". ஒரு சீட்டில் இரண்டு எழுத்து போட வேண்டியிருந்தால் அது இன்னும் இரண்டு சீட்டாகவில்லை என்று பொருள்.

மேலே கண்ட வாக்கியத்தைப் பிரித்தபோது "பழைய வீட்டுக்கு வந்த அழைப்பாணையை உரிமையாளர் வாங்கி வைத்துக்கொண்டு" என்ற துண்டுக்கு வந்ததும் கை நின்றுவிடும். அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும்: "உரிமையாளர் வாங்கினார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" "அவரே சொன்னார்." "எப்போது?" "அமீனா வந்த பிறகு, அந்த வாரக் கடைசியில்." இப்போது ஒரு சீட்டு கிடைத்துவிட்டது, மூலையில் "கே". "வேறு எதிலாவது இது இருக்கிறதா?" "வழக்குக் கட்டைப் பார்த்தோம், யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியதாக எழுதியிருந்தது." அது இன்னொரு சீட்டு, மூலையில் "ஆ". ஒரே சம்பவம்தான், ஆனால் அறிந்த வழி இரண்டு, ஆகவே பத்தியும் இரண்டு. இதில் ஒன்றை எதிர்த்தரப்பு உடைத்தாலும் மற்றது நிற்கும்.

"மன உளைச்சல்" சீட்டை ஓரமாக எடுத்து வைத்துவிடலாம். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் இந்த மனுவில் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. "மோசடி" சீட்டும் அப்படியே நிற்கக் கூடாது. அது சங்கதி அல்ல, சங்கதிகளிலிருந்து எடுக்கும் முடிவு. முடிவெடுப்பது நீதிமன்றத்தின் வேலை, அதை வாதாடுவது வழக்குரைஞரின் வேலை.

இரண்டு கடிகாரங்கள்

அடுத்தது வரிசை. காலவரிசைப்படி எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் எந்தக் காலம்? ஒவ்வொரு சங்கதிக்கும் இரண்டு தேதிகள் உண்டு. அது நடந்த தேதி, அது எனக்குத் தெரிய வந்த தேதி. நானே கண்டதில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். கேட்டதிலும் ஆவணத்தில் பார்த்ததிலும் இரண்டும் விலகி நிற்கும்.

நம் வழக்கில் அழைப்பாணை பழைய வீட்டுக்குப் போனது 6.3.2023. அந்தப் பெண் அதை அறிந்தது 7.9.2023. நடந்த தேதியின்படி அடுக்கினால், வீடு மாறிய பத்திக்கு அடுத்தாற்போல் "6.3.2023 அன்று பழைய வீட்டுக்கு அழைப்பாணை வந்தது" என்று வரும். படிப்பவர் மனதில் என்ன பதியும்? மார்ச் மாதத்திலேயே இவருக்கு இது தெரியும் போலிருக்கிறது என்று பதியும். மனுவின் உயிரே "எனக்குத் தெரியாது" என்பதில்தான் இருக்கிறது. அதை அவருடைய பத்திரத்தின் வரிசையே குத்திக் கிழித்துவிடும். கால வரம்பும் இதில் தொங்குகிறது. இந்தியாவில், அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்படவில்லை, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்படவில்லை என்றால், இத்தகைய மனுவுக்கான 30 நாள்கள் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். எனவே "எப்போது அறிந்தார்" என்ற தேதி பத்திரத்தில் கண்ணாடி போலத் தெரிய வேண்டும்.

ஆகவே நான் பின்பற்றும் முறை இது: பிரமாணம் செய்பவர் அறிந்த வரிசையில் அடுக்குவேன். பத்தி அறிந்த தேதியோடு தொடங்கும், நடந்த தேதி அதற்குள் இடம்பெறும். சத்தியம் செய்பவர் தம் வாழ்க்கை வழியே நடந்து வருகிறார். வழியில் யார் எதைச் சொன்னார், எந்தக் காகிதத்தைப் பார்த்தார் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறார்.

இப்படி அடுக்கி எழுதினால் பத்திரத்தின் நடுப்பகுதி இவ்வாறு அமையும்:

1. நான் இவ்வழக்கின் பிரதிவாதி. இந்தப் பிரமாணப் பத்திரத்தில் "பழைய வீடு" என்பது பிராதில் என் முகவரியாகக் காட்டப்பட்டிருக்கும் வீட்டையும், "புதிய வீடு" என்பது இந்த மனுவில் என் முகவரியாகக் காட்டப்பட்டிருக்கும் வீட்டையும் குறிக்கும்.

2. நான் 2019 முதல் 12.1.2023 வரை பழைய வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன்.

3. நான் 12.1.2023 அன்று பழைய வீட்டைக் காலி செய்து புதிய வீட்டில் குடியேறினேன். புதிய வீட்டின் வாடகை ஒப்பந்த நகல் ஆவணம் 1 ஆக இணைக்கப்பட்டிருக்கிறது.

4. நான் 20.1.2023 அன்று புதிய வீட்டின் முகவரியைத் தெரிவித்து வாதிக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பினேன். அந்தக் கடிதத்துக்கான ஒப்புகை அட்டை 24.1.2023 அன்று எனக்குத் திரும்பி வந்தது. கடித நகலும் ஒப்புகை அட்டையும் ஆவணம் 2.

5. 4.9.2023 அன்று நீதிமன்ற அமீனா புதிய வீட்டுக்கு வந்து, இவ்வழக்கில் 20.6.2023 அன்று எனக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்பட்டிருப்பதாக என்னிடம் தெரிவித்தார்.

6. 4.9.2023-க்கு முன் இவ்வழக்கு பற்றிய அழைப்பாணையை எவரும் என்னிடம் தரவில்லை. இவ்வழக்கு நடப்பது 4.9.2023-க்கு முன் எனக்குத் தெரியாது.

7. 7.9.2023 அன்று நான் இவ்வழக்கின் கட்டைப் பார்வையிட்டேன். 6.3.2023 அன்று பழைய வீட்டில் ஒருவர் கையெழுத்திட்டு அழைப்பாணையைப் பெற்றுக்கொண்டதாக அதிலுள்ள சார்பு அறிக்கையில் எழுதியிருக்கிறது. அறிக்கையின் நகல் ஆவணம் 3.

8. 9.9.2023 அன்று பழைய வீட்டின் உரிமையாளர், 6.3.2023 அன்று என் பெயருக்கு வந்த உறையைத் தாமே கையெழுத்திட்டு வாங்கியதாகவும் அதை என்னிடம் சேர்ப்பிக்கவில்லை என்றும் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை உண்மை என்று நம்புகிறேன்.

9. இவ்வழக்கின் நிறைவேற்று மனுவில் வாதி என் முகவரியாகப் புதிய வீட்டைக் காட்டியிருக்கிறார். அந்த மனுவின் நகல் ஆவணம் 4.

10. பத்தி 4-இல் சொன்ன கடிதத்தின் அடிப்படையில், 6.3.2023-க்கு முன்பே என் புதிய வீட்டின் முகவரி வாதிக்குத் தெரிந்திருந்தது என்று நம்புகிறேன்.

சில இடங்களை அருகில் வைத்துப் பாருங்கள். பத்தி 4-இல் "வாதி கடிதத்தைப் பெற்றுக்கொண்டார்" என்று எழுதவில்லை. வாதியின் கையில் கடிதம் சேர்ந்ததை அந்தப் பெண் பார்க்கவில்லை. அவர் பார்த்தது, தாம் அனுப்பியதையும் அட்டை திரும்பி வந்ததையும்தான். அந்த அளவோடு நிறுத்தினால் குறுக்கு விசாரணையில் அந்தப் பத்தியில் கை வைக்க இடமே இல்லை.

பத்தி 6 ஓர் எதிர்மறைச் சங்கதி. நடக்காததை மெய்ப்பிப்பது கடினம். அதனால்தான் "அழைப்பாணை வரவில்லை" என்று எழுதாமல் "என்னிடம் எவரும் தரவில்லை" என்று இருக்கிறது. அழைப்பாணை எங்கோ வந்துதான் இருக்கிறது, அதைக் கட்டே சொல்கிறது. தம் கைக்கு வரவில்லை என்பதை மட்டுமே அவரால் சத்தியம் செய்ய முடியும்.

பத்தி 9-இல் "வேண்டுமென்றே", "மோசடி" எதுவும் இல்லை. ஆனால் பிராதில் பழைய முகவரி, நிறைவேற்று மனுவில் புதிய முகவரி என்ற அந்த ஒரு சங்கதி தனியாக நின்று பேசுகிறது. அடைமொழி சேர்த்தால் அதன் குரல் குறையும். அதே சமயம் அதன் எல்லையும் தெரிய வேண்டும். நிறைவேற்று மனு என்பது தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்கும் மனு, ஆகவே தீர்ப்புக்குப் பிந்தியது. அப்போது முகவரி தெரியும் என்பதை அது காட்டும், மார்ச் மாதத்திலேயே தெரியும் என்பதைக் காட்டாது. ஆகவே பத்தி 10 தன் அடிப்படையாகப் பத்தி 4-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறது. பத்தி 9-ஐயும் சேர்த்திருந்தால், "செப்டம்பரில் தெரிந்ததை வைத்து மார்ச்சில் தெரியும் என்கிறீர்களே" என்ற கேள்விக்கு இடம் கொடுத்திருப்போம்.

தனித்து நிற்பது என்றால் பிற பத்திகளைச் சுட்டவே கூடாது என்று பொருளல்ல என்பதும் இங்கே தெரிகிறது. பத்தி 10 பத்தி 4-ஐ எண் சொல்லிச் சுட்டுகிறது. "பழைய வீடு" என்ற பெயர் பத்தி 1-இல் ஒரு முறை வரையறுக்கப்பட்டு, பிறகு எங்கும் மாறாமல் வருகிறது. கூடாதவை "அவர்", "அன்று", "மேற்படி", "மேலே கண்டவாறு" போன்ற மிதக்கும் சுட்டுகள். நீதிபதி பத்தி 8-ஐ மட்டும் உரக்கப் படித்தால், யார் எப்போது யாரிடம் சொன்னார் என்பது அந்தப் பத்திக்குள்ளேயே கிடைக்க வேண்டும். சீட்டுகளைக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். "எந்த வீடு?" என்று கேட்டால் பரவாயில்லை, பத்தி 1-ஐக் காட்டலாம். "யார் இவர்? எப்போது?" என்று கேட்டால் அந்தப் பத்தி இன்னும் அடுத்த பத்தியின் தோளில் சாய்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிச் சாயாமல் நிற்பதன் பலன், ஏதாவது ஒரு பத்தி விழும்போதுதான் தெரியும். கேட்டு எழுதியதையும் நம்பி எழுதியதையும் கணக்கில் எடுக்க மாட்டேன் என்று நீதிமன்றம் பத்தி 8-ஐயும் 10-ஐயும் ஒதுக்கிவிட்டது என்று கொள்வோம். பத்தி 2 முதல் 7 வரை ஒரு செங்கல்லும் அசையாமல் நிற்கிறது. எல்லாம் ஒரே வாக்கியமாக இருந்திருந்தால், உரிமையாளரின் பேச்சை நீக்கும்போது வீடு மாறியதும் சேர்ந்து போயிருக்கும். பத்தி 8-க்கு உண்மையான வலு வேண்டுமானால், உரிமையாளரே தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் தருவதுதான் வழி. அவர் தரும்போது அது அவருடைய நேரடி அறிவு. நம்முடைய பத்தி 8, அவரைத் தேடிப் போக வேண்டும் என்பதை நமக்கே நினைவூட்டுகிறது.

எவ்வளவு நறுக்குவது என்பதிலும் நிதானம் வேண்டும். பத்தி 4-இல் கடிதம் அனுப்பியதும் அட்டை திரும்பியதும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரே கடிதத்தின் போக்குவரத்து, ஒரே ஊற்று, ஒரே ஆவணம். அவற்றைப் பிரித்து இரண்டாக்கினால் இரண்டுமே மெலிந்துபோகும். விதிகளில் "வசதிப்படும் அளவுக்கு", "இயன்றவரை" என்ற சொற்கள் சும்மா போடப்படவில்லை.

எண் பிசகினால்

உறுதிமொழிப் பகுதியைக் கடைசியில் எழுத வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு வலியோடுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மூதாட்டியின் பிரமாணப் பத்திரத்தைத் தயார் செய்திருந்தேன். கேட்டு அறிந்தவை பத்தி 7, 8 என்று உறுதிமொழியில் சரியாகவே எழுதியிருந்தேன். கையெழுத்து நாளன்று காலையில் அவர் இன்னொரு தேதியை நினைவுபடுத்திச் சொன்னார். அதை 3-ஆம் பத்தியாகச் செருகினேன். கணினி மற்ற எண்களைத் தானாகவே தள்ளிவிட்டது. ஆனால் உறுதிமொழியில் "7, 8" என்று எழுத்தாக இருந்தது அப்படியே நின்றுவிட்டது. விளைவு, தம் மருமகன் சொல்லிக் கேட்டதைத் தாமே கண்டதாக அந்த அம்மா சத்தியம் செய்துவிட்டார். ஒன்பதாம் பத்தியைப் பற்றிக் கேட்டபோது அவர் உண்மையைத்தான் சொன்னார்: "நான் பார்க்கவில்லை ஐயா, மருமகன் சொன்னார்." "அப்படியானால் உங்கள் பிரமாணம் பொய்தானே?" என்று அடுத்த கேள்வி வந்தது. நீதிபதி பிழையைப் புரிந்துகொண்டார், கூடுதல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யவும் அனுமதித்தார். ஆனால் அந்த ஒரு நிமிடம் அந்த அம்மாவின் முகம் இருந்த நிலைக்குக் காரணம் நான்தான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சத்தியம் செய்யும் நாளில், அச்செடுத்த கடைசிப் பிரதியை மேசையில் வைத்து, கையெழுத்திடுபவரிடம் பத்தி பத்தியாக உரக்கப் படிப்பேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பேன். அவர் சொல்லும் பதிலை, எண்ணின் பக்கத்தில் என் பிரதியில் பென்சிலால் "க", "கே", "ஆ", "ந" என்று குறிப்பேன். எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பென்சில் எழுத்துகளைப் பார்த்து உறுதிமொழிப் பகுதியின் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். மேலே கண்ட பத்திரத்தில் என்றால், பத்தி 1 முதல் 6 வரை நேரடி அறிவு, 7-உம் 9-உம் பார்வையிட்ட ஆவணங்கள், 8 பழைய வீட்டின் உரிமையாளர் சொன்னது, 10 நம்பிக்கை. பத்துப் பத்திகளில் ஒன்றுகூட விடுபடக் கூடாது, ஒன்றுகூட இரண்டு இடத்தில் வரக் கூடாது. பத்தி 10-இல் "பத்தி 4" என்று சுட்டியிருக்கிறதே, அது இப்போதும் கடிதத்தைப் பற்றிய பத்திதானா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். ஆவண எண்களையும் அதே போல.

கையெழுத்தாகிவிட்டால் பிறகு எண் அசையக் கூடாது. சத்தியம் செய்த பிரதியில் "6-அ" என்று எதையும் செருக முடியாது. விடுபட்டது நினைவுக்கு வந்தால், கூடுதல் பிரமாணப் பத்திரம் ஒன்றில், எந்தப் பத்தியோடு தொடர்புடையது என்று சொல்லி எழுதித் தனியாகச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தப் பத்திரத்துக்கும் பத்தி 1-இலிருந்து எண் தொடங்கும்.